வீல்சேர் என்று மட்டும் எழுதினால் போதாது

விமான நிறுவனத்தின் முன்பதிவுத் திரையில் ‘அம்மாவுக்கு முழங்கால் வலி, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற வேண்டுகோளுக்கு இடம் கிடையாது. அங்கே இருப்பவை நான்கெழுத்துக் குறியீடுகள். மகன் சிகாகோவில் உட்கார்ந்து உருக்கமாக எழுதும் மின்னஞ்சலை, எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒருவர் படித்து, அதற்குப் பொருந்தும் குறியீட்டைத் தட்டுகிறார். சென்னையில் வீல்சேர் தள்ளுபவருக்கும், தோஹாவில் சாப்பாடு ஏற்றுபவருக்கும் போய்ச் சேர்வது அந்தக் குறியீடு மட்டும்தான். மின்னஞ்சலை யாரும் அனுப்பிவைப்பதில்லை. அதனால் அந்த மின்னஞ்சலுக்கு ஒரே வேலைதான்: சரியான குறியீடு பதிவாக வேண்டும், அதுவும் ஒவ்வொரு விமானத்திலும் பதிவாக வேண்டும்.

வீல்சேருக்கு முக்கியமாக மூன்று குறியீடுகள் உண்டு. WCHR என்றால், இவர் படி ஏறுவார், விமானத்துக்குள் நடப்பார், ஆனால் விமான நிலையத்தின் நீண்ட தூரத்தை நடக்க மாட்டார். WCHS என்றால் படி ஏற இறங்க முடியாது, விமானத்துக்குள் இருக்கை வரை நடந்துபோவார். WCHC என்றால் இருக்கை வரைக்கும் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். ‘வீல்சேர் வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் பெரும்பாலும் முதல் குறியீடே பதிவாகும். கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் தேவை என்பதால் அதைத் தவறென்றும் சொல்ல முடியாது.

சிக்கல் விமானம் நிற்கும் இடத்தில் வருகிறது. முனையத்தோடு ஒட்டி நின்றால் பாலம் வழியாக வீல்சேரை விமானத்தின் வாசல் வரை தள்ளிக்கொண்டு போகலாம். தூரத்தில் நிறுத்திவிட்டால் பேருந்தில் ஏற்றி, ஏணிப்படி அடியில் இறக்கிவிடுவார்கள். WCHR என்று பதிவானவர் அந்தப் படிகளில் ஏறியாக வேண்டும். ஏறுவார் என்றுதானே அந்தக் குறியீடு சொல்கிறது! WCHS என்று இருந்தால், ஆம்புலிஃப்ட் என்று விமான நிலையத்தில் சொல்லும் தூக்கு வண்டியை வரவழைக்க வேண்டிய பொறுப்பு அவர்களுடையது. வீட்டு மாடிப்படியையே கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஏறும் அம்மாவுக்கு எந்தக் குறியீடு வேண்டும் என்பதை அவரைப் பார்த்த பிள்ளைகள்தான் சொல்ல முடியும், கால் சென்டரில் இருப்பவர் அல்ல.

ஆகவே நோயின் பெயரைவிட, என்ன முடியும், என்ன முடியாது என்பதே மின்னஞ்சலில் முக்கியம். ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மா ஒருவர். வயது 74, முழங்கால் தேய்மானம், சர்க்கரை நோய், சுத்த சைவம், தமிழ் தவிர வேறு பேச்சு தெரியாது. சென்னையிலிருந்து தோஹா வழியாகச் சிகாகோ போகிறார். மின்னஞ்சலின் தலைப்பு வரியிலேயே விஷயம் முழுவதும் வந்துவிட வேண்டும்:

```
PNR ABC123 - WCHS + AVML - MAA-DOH-ORD-DOH-MAA
```

உள்ளே எழுதுவது ஆங்கிலத்தில்தான் இருக்கும். சாரம் இப்படி அமையலாம்:

“என் தாயாருக்கு 74 வயது. தனியாகப் பயணம் செய்கிறார். கைத்தடியுடன் சமதளத்தில் ஐம்பது அறுபது அடி நடப்பார். படி ஏற இறங்க முடியாது. விமானத்துக்குள் இருக்கைக்கும் கழிப்பறைக்கும் தானே போய்வருவார். எனவே நான்கு விமானங்களிலும் WCHS பதிவு செய்யவும். சொந்த வீல்சேர் இல்லை. தோஹாவில் இறங்கும் வாசலிலிருந்து அடுத்த விமானத்தின் வாசல் வரையும், சிகாகோவில் குடிநுழைவு, பெட்டி எடுக்கும் இடம், சுங்கம் தாண்டி வெளிவாசல் வரையும் உதவி வேண்டும். கழிப்பறைக்கு அருகில் நடைபாதையோர இருக்கை தேவை. நான்கு விமானங்களிலும் AVML உணவு வேண்டும். ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகப் பதிவு நிலையைத் தெரிவிக்கவும்.”

இதோடு பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், 13 இலக்க டிக்கெட் எண், விமான எண்கள், தேதிகள், சிகாகோவில் அழைக்க வருபவரின் தொலைபேசி எண் ஆகியவை போதும். நம் ஊர்ப் பெயர்களில் தலைப்பெழுத்து ஒரு தொல்லை. பாஸ்போர்ட்டில் அது கணவர் பெயராகவோ அப்பா பெயராகவோ விரிந்திருக்கும். வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதினால் ‘அப்படி ஒரு பயணி இல்லை’ என்றுதான் பதில் வரும்.

இன்னொரு தடை, யார் எழுதுகிறார்கள் என்பது. முன்பதிவில் கொடுத்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து வராத கோரிக்கையைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. டிக்கெட்டை ஊரில் உள்ள டிராவல்ஸ் போட்டிருந்தால் பதிவில் அவர்களுடைய முகவரியே இருக்கும். அப்படியானால் அதே வாசகத்தை டிராவல்ஸுக்கு அனுப்பி, அவர்கள் மூலமாகப் பதியச் சொல்வதே குறுக்குவழி.

உதாரணத்தில் நான்கு விமானங்கள் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. குறியீடு டிக்கெட்டுக்கு ஒன்று அல்ல, விமானத்துக்கு ஒன்று. போகும்போது கேட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்துத் திரும்பும் பயணத்துக்குக் கேட்க மறப்பவர்கள் ஏராளம். ஒரு நிறுவனம் விற்ற டிக்கெட்டில் வேறொரு நிறுவனம் விமானத்தை ஓட்டுவதும் உண்டு. அப்போது விற்றவர் பதிந்தது ஓட்டுபவரின் கணினிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஓட்டுபவரிடமே கேட்க வேண்டும். இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக வாங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: முதல் நிறுவனத்துக்கு இரண்டாவது பயணம் பற்றித் தெரியவே தெரியாது. முதியவர்களைத் தனியாக அனுப்பும்போது விலை குறைவு என்பதற்காக இப்படி வாங்காமல் இருப்பதே நல்லது.

அடுத்தது சாப்பாடு. இங்கே விழுபவர்கள் வீல்சேரில் விழுபவர்களைவிட அதிகம். பட்டியலில் ‘இந்து உணவு’ என்று பார்த்ததும் சைவம் என்று நினைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். HNML என்ற அந்தக் குறியீடு அசைவ உணவுக்கானது; மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இருக்காது, கோழியோ ஆடோ மீனோ இருக்கலாம். நம் ஊர்ப் பாணிச் சைவத்துக்கு AVML. VGML என்பது பால் பொருளையும் விலக்கிய உணவு, அதில் தயிரும் வராது, பாலும் வராது. VLML சைவம்தான், ஆனால் முட்டை இருக்கலாம். வெங்காயமும் பூண்டும் சேர்க்காதவர்களுக்கு VJML என்ற ஜைன உணவு பொருந்தும். உருளைக்கிழங்கு, கேரட் போன்ற கிழங்கு வகைகளும் அதில் இருக்காது என்று சொல்லிவைத்துவிட வேண்டும்.

உதாரணத்து அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு, சைவமும் உண்டு. நீரிழிவு உணவுக்கு DBML என்ற குறியீடு இருக்கிறது. ஆனால் பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு பயணிக்கு ஒரு விமானத்தில் ஒரு குறியீட்டைத்தான் ஏற்கின்றன. DBML தட்டில் கோழியோ மீனோ வரக்கூடும். ‘சைவமும் வேண்டும், சர்க்கரையும் சேர்க்கக் கூடாது’ என்று மின்னஞ்சலில் எழுதலாம், அது சமையலறை வரை போகும் என்று நம்பக் கூடாது. எனவே AVML கேட்டுக்கொண்டு, அதில் வரும் இனிப்பை ஒதுக்கிவிடச் சொல்வதுதான் நடைமுறை. இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் பொரி, உலர்ந்த பருப்பு வகை கைப்பையில் இருந்தால், உணவு தாமதமானாலும் மாத்திரை வேளை தவறாது. தயிரைப் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்துவார்கள். மிச்சமான பழத்தையும் காய்கறியையும் சிகாகோவில் இறங்கும் முன்பே தீர்த்துவிட வேண்டும். அமெரிக்கச் சுங்கம் அவற்றில் கண்டிப்பானது. இன்சுலினை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வைக்க வேண்டும். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் அது உறைந்துபோகலாம்.

சிறப்பு உணவு இருக்கை எண்ணைப் பார்த்தே வருகிறது. பக்கத்தில் குடும்பமாக வந்தவர்கள் கேட்டார்கள் என்று அம்மா இடம் மாறி உட்கார்ந்தால், சாப்பாடு பழைய இடத்துக்குப் போய்விடும். இடம் மாறினால் பணிப்பெண்ணிடம் சொல்லும்படி ஒரு துண்டுச் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

கோரிக்கையை எப்போது அனுப்புவது? இந்தியாவின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதியும் வீல்சேருக்கு 48 மணி நேர முன்னறிவிப்பைச் சொல்கின்றன. உணவுக்குப் பெரும்பாலும் 24 மணி நேரம். டிக்கெட் வாங்கிய அன்றே கேட்பதில் தவறில்லை, ஆனால் அதோடு விட்டுவிடக் கூடாது. விமான நேரம் மாறினாலோ வேறு விமானத்துக்கு மாற்றினாலோ பழைய பதிவோடு சேர்ந்த குறியீடுகள் புதியதற்கு வராமல் போவது சகஜம். நேர மாற்றம் பற்றி அறிவிப்பு வந்த மறுகணமே திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

சரிபார்ப்பது என்றால் ‘உங்கள் கோரிக்கை கிடைத்தது’ என்ற தானியங்கிப் பதிலைப் பத்திரப்படுத்துவதல்ல. குறியீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நிலை இருக்கும். NN என்றால் கேட்டிருக்கிறார்கள், பதில் வரவில்லை. HK என்றால் உறுதி. UC என்றால் முடியாது. நிறுவனத்தின் இணையதளத்தில் முன்பதிவைத் திறந்தால் உதவியும் உணவும் ஒவ்வொரு விமானத்துக்கும் கீழே தெரியும். தெரியாவிட்டால் தொலைபேசியில் நிலையைப் படித்துக் காட்டச் சொல்லலாம்.

அப்பா, அம்மா இருவரும் போனால் இருவர் பெயரிலும் தனித்தனியாகப் பதிய வேண்டும். பதிந்தாலும் நாற்காலி தட்டுப்படலாம். 2024 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து மும்பையில் இறங்கிய 80 வயதுப் பயணி ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் வீல்சேர் கேட்டிருந்தும் ஒன்றுதான் கிடைத்தது. மனைவியை அதில் உட்காரவைத்துப் பக்கத்தில் நடந்துபோனவர் குடிநுழைவுப் பகுதியில் சரிந்து இறந்தார். ஏர் இந்தியாவுக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. இரண்டாவது நாற்காலி வரும் வரை எழுந்திருக்க வேண்டாம் என்று பெற்றோரிடம் முன்கூட்டிச் சொல்லிவைப்பது மின்னஞ்சலில் சேராத வேலை, ஆனாலும் செய்ய வேண்டியது. வீல்சேர் பயணிகளைக் கடைசியாகத்தான் இறக்குவார்கள் என்பதால், நடுவில் விமானம் மாற இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கும்படி டிக்கெட் போடுவதும் இதில் அடங்கும்.

நடக்க முடிகிறவர், மொழி தெரியாததால் மட்டும் திகைப்பவர் என்றால் அவருக்கு வீல்சேர் அவசியமில்லை. கூட இருந்து வழிகாட்ட MAAS என்ற குறியீடு இருக்கிறது; சில நிறுவனங்கள் இலவசமாகச் செய்கின்றன, சில செய்வதில்லை. கேட்டுப் பார்ப்பதே நியாயம், இல்லாவிட்டால் நிஜமாகவே நாற்காலி தேவைப்படும் ஒருவர் காத்துக் கிடப்பார்.

பதிந்தும் உதவி வராமல் போனால், உறுதி செய்த மின்னஞ்சலின் அச்சுப்படி கையில் இருப்பது பயன்படும். அமெரிக்காவுக்குப் போகும், அங்கிருந்து வரும் விமானங்களில் இத்தகைய புகாருக்கென்றே ஓர் அதிகாரியை நிறுவனம் வைத்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். CRO வேண்டும் என்று கேட்டால் நேரிலோ தொலைபேசியிலோ அவரைத் தொடர்புபடுத்தியாக வேண்டும். இந்தியாவில் ஏர்சேவா இணையதளத்தில் புகார் பதியலாம். அதிலும் முதலில் கேட்பது PNR எண்ணும் விமான எண்ணும் தேதியும்தான்.