புனைபெயரும் ஒளிப்படமும்

புனைபெயரில் வலைப்பூ எழுதுவோர் பலர் தம் பெயரை மறைப்பதோடு நின்றுவிடுகின்றனர். அவர்கள் இணைக்கும் ஒளிப்படமே அவர்களைக் காட்டிக்கொடுக்கக்கூடும். கைப்பேசியில் படம் எடுக்கும்பொழுது நாளும் நேரமும் கைப்பேசியின் வகையும் படக்கோப்பினுள்ளேயே பதிவாகின்றன. கேமராவுக்கு இருப்பிட அனுமதி அளித்திருந்தால் அவ்விடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் உடன் பதியும். இக்குறிப்புகளுக்கு 'எக்சிஃப்' என்று பெயர். படத்தைப் பார்க்கும் கண்ணுக்கு இவை தெரிவதில்லை.

2012 டிசம்பரில் இதன் விளைவை உலகம் கண்டது. கணினி நச்சுநிரல் தடுப்பு மென்பொருளால் புகழ்பெற்ற ஜான் மெக்காஃபியை ஒரு கொலை வழக்கு தொடர்பாக விசாரிக்க பெலிஸ் நாட்டுக் காவல்துறை தேடியது. மறைந்திருந்த அவருடன் பயணம் செய்த செய்தியாளர்கள், இடத்தைச் சொல்லாமல் ஒரு படத்தை மட்டும் வெளியிட்டனர். ஆனால் படக்கோப்பில் இருந்த எண்கள் அவர் அண்டை நாடான குவாத்தமாலாவில் இருப்பதை அறிவித்துவிட்டன. செய்தித்தொழிலில் தேர்ந்தவர்களே மறந்த செயல் இது!

விண்டோஸ் கணினியில் படத்தின் மீது வலச்சொடுக்கி, Properties, பின்னர் Details எனச் சென்றால் இக்குறிப்புகளைக் காணலாம். அங்கேயே Remove Properties and Personal Information என்பதைத் தேர்ந்து அவற்றை நீக்கலாம். எனினும் படத்தில் தெரியும் பள்ளிப் பெயர்ப்பலகையை இம்முறை நீக்காது.

சொந்த இணைய முகவரி வாங்குவோர் தம் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைப் பதிவு நிறுவனத்திடம் அளிக்கின்றனர். அவற்றைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து மறைத்தாலும் அந்நிறுவனத்தின் ஏட்டில் அவை இருந்துகொண்டே இருக்கும். நீதிமன்றம் ஆணையிட்டால் வெளிவரும்.