ஓட்டத்தின் நடுவே நெஞ்சு இறுகினால்

2021 ஜனவரி 2 அன்று கொல்கத்தாவில் தன் வீட்டில் டிரெட்மில்லில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார் சவுரவ் கங்குலி. திடீரென்று நெஞ்சில் ஏதோ சரியில்லை, தலை சுற்றியது. அன்றைக்கே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஆஞ்சியோ செய்து பார்த்தபோது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் மூன்று குழாய்களிலும் அடைப்பு. மிக மோசமாக இருந்த ஒன்றில் உடனே ஸ்டென்ட் வைத்தார்கள். அதே மாதம் 28-ஆம் தேதி இன்னும் இரண்டு வைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. பல ஆண்டுகள் இந்திய அணியில் ஆடிய உடம்பு அது. விளையாடிய உடம்புக்கு மாரடைப்பு வராது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு சம்பவத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

கீரமங்கலம் பக்கத்தில் பூ மார்க்கெட் பரபரப்பாகும் அதே விடியற்காலையில் சாலையோரம் ஓடுகிறவர்களும் உண்டு. சர்க்கரை, பிரஷர் என்று மருத்துவர் சொன்னதால் நடக்கிற நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் ஒரு பக்கம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டிய இளைஞர்கள் மறுபக்கம். இரு தரப்பினருக்கும் ஆபத்து வரும் வழி வேறு வேறு. ஆனால் எச்சரிக்கைகள் மூன்றுதான்: ஓடும்போது நெஞ்சுவலி, ஓடும்போது மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல்.

முதலில் நெஞ்சுவலி. இதயத் தசைக்கென்று தனி ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் கொழுப்பு படிந்து பாதை சுருங்கினாலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. அந்த நேரத்துக்கு வேண்டிய ரத்தம் போய்விடும். தோப்புக்குப் போகிற குழாயில் பாதி அடைத்திருந்தாலும் ஒரு வரிசைத் தென்னைக்குத் தண்ணீர் பாய்வது போலத்தான். ஓடும்போது இதயம் வேகமாகத் துடிக்கிறது, அதன் தேவை பல மடங்கு ஏறுகிறது. போதாக்குறைக்கு இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட ஓய்வில்தான் பாய்கிறது. துடிப்பு வேகமாக ஆக அந்த ஓய்வு குறைகிறது. தேவை கூட, வரத்து குறைய, தசை திணறுகிறது. அந்தத் திணறல்தான் வலி.

அது பெரும்பாலும் ஊசி குத்துவது போல் இருக்காது. நடுநெஞ்சில் பாரம் ஏறியது போல, யாரோ இறுக்கிப் பிடித்தது போல இருக்கும். தாடைக்கும் இடது கைக்கும் இரு தோள்பட்டைக்கு நடுவிலும் பரவலாம். சிலருக்கு மேல்வயிற்றில் மட்டும் எரிச்சல் வரும். நம் ஊர்களில் அதற்கு உடனே 'கேஸ்' என்று பெயர் வைத்து, சோடா குடித்துவிட்டு ஓமத்தைத் தேடுகிறோம். நின்றால் சில நிமிடத்தில் வலி அடங்கிவிடுவதும் அந்த நம்பிக்கையை உறுதிப்படுத்திவிடுகிறது. உண்மையில், ஓடினால் வந்து நின்றால் போகிற வலிதான் அடைப்பின் முக்கிய அடையாளம். வாய்வுக்கும் ஓட்டத்தின் வேகத்துக்கும் அப்படியொரு ஒழுங்கான தொடர்பு இருக்காது. ஓய்ந்த பிறகும் வலி அடங்காமல், வியர்த்துக் கொட்டினால், அது மாரடைப்பாக இருக்கலாம். அப்போது மருத்துவமனைக்கு நாளைக்குப் போகலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இளைஞர்களுக்கு இப்படி அடைப்பு வருவது அரிது. அவர்களிடம் பரம்பரையாகத் தடிக்கும் இதயத் தசை, தவறான இடத்தில் தொடங்கும் ரத்தக்குழாய், துடிப்பின் மின்னோட்டத்தில் கோளாறு, வைரஸ் காய்ச்சலுக்குப் பின் இதயத் தசையில் வரும் அழற்சி ஆகியவைதான் காரணங்கள். இவற்றில் சிலவற்றுக்கு முதல் அறிகுறியே மயக்கம்தான்.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஹேங்க் கேதர்ஸின் கதை இதைச் சொல்லும். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் லயோலா மேரிமவுண்ட் பல்கலைக்கழக அணியின் நட்சத்திரம் அவர். 1989 டிசம்பர் 9 அன்று ஆட்டத்தின் நடுவே மயங்கி விழுந்தார். பரிசோதனையில் இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை என்று தெரிந்தது. துடிப்பை அடக்கும் மாத்திரை கொடுக்கப்பட்டது. அது தன் வேகத்தைக் குறைக்கிறது என்று அவர் சொல்ல, மாத்திரையின் அளவு குறைக்கப்பட்டது. 1990 மார்ச் 4 அன்று மீண்டும் ஆட்டத்தில் சரிந்தார், அன்றே இறந்தார். வயது 23. முதல் மயக்கத்துக்கும் மரணத்துக்கும் இடையில் மூன்று மாதம்கூட இல்லை.

மயக்கத்தில் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓட்டத்தை முடித்ததும் சட்டென்று அசையாமல் நின்றால் ரத்தம் கால்களில் தேங்கி, கண் இருட்டி, சரிய நேரும். இது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் தெளியும். ஓடிக்கொண்டிருக்கும்போதே, முன்னறிவிப்பில்லாமல் விழுவது அப்படியல்ல. 'காலையில் சாப்பிடவில்லை, வெயில் அதிகம்' என்று சமாதானம் சொல்லாமல், இதயக் கோளாறு இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை இதயக் கோளாறாகவே அதைக் கருத வேண்டும். முடித்த பின் வருவதையும் முழுதாகத் தள்ளிவிட முடியாது. 2023 ஜூலையில் மதுரையில் ரத்ததான விழிப்புணர்வு மாரத்தானில் ஓடிய 20 வயது மாணவர் ஒருவர், ஓட்டம் முடிந்து சிறிது நேரம் கழித்து உடல்நிலை மோசமாகி உயிரிழந்தார்.

மூச்சு வாங்குவது ஓட்டத்தில் இயல்புதான். அது எப்போது இயல்பில்லை என்பதை அவரவர் பழைய ஓட்டத்தோடுதான் ஒப்பிட முடியும். போன வாரம் பேசிக்கொண்டே ஓடிய அதே வேகத்தில் இன்று இரண்டு வார்த்தை பேச முடியவில்லை, நின்று பத்து நிமிடமாகியும் மூச்சு அடங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றால் பயிற்சி போதவில்லை என்று எடுத்துக்கொண்டு இன்னொரு சுற்று ஓடக் கூடாது. காய்ச்சல் வந்து போன நாட்களில் இது வந்தால் இன்னும் கவனம் தேவை. இதயத் தசையில் அழற்சி உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம்வரை கடும் பயிற்சியை நிறுத்தச் சொல்வது மருத்துவ வழக்கம். தேர்வு நெருங்கிவிட்டதே என்று காய்ச்சலோடு ஓடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது நெஞ்சு பதைக்கிறது.

மருத்துவரிடம் 'நெஞ்சு வலிக்கிறது' என்று மட்டும் சொன்னால் போதாது. 'ஓடும்போது வந்தது, எத்தனையாவது நிமிடத்தில் வந்தது, நின்றதும் என்ன ஆனது' என்று சொல்ல வேண்டும். படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜி சரியாக இருப்பதால் மட்டும் இதயம் சரி என்று ஆகிவிடாது. தசையின் தடிமனைப் பார்க்க எக்கோ, உழைக்கும்போது என்ன ஆகிறது என்று பார்க்க டிரெட்மில் டெஸ்ட், சில நேரம் நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவி என்று அடுத்தடுத்துத் தேவைப்படும். குடும்பத்தில் ஐம்பது வயதுக்குள் திடீரென்று இறந்தவர் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். நன்றாக நீச்சல் தெரிந்த உறவினர் காரணம் தெரியாமல் கிணற்றில் மூழ்கி இறந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்; பரம்பரையாக வரும் ஒரு வகைத் துடிப்புக் கோளாறு குறிப்பாக நீந்தும்போது தாக்கக்கூடும்.

கிரவுண்டில் பயிற்சி கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓடும் பையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் விரட்டாதீர்கள். அன்றைய பயிற்சியை அத்தோடு முடித்து மருத்துவரிடம் அனுப்புங்கள். விழுந்தவர் கூப்பிட்டும் அசையாமல், மூச்சு இல்லாமலோ விட்டுவிட்டு இழுத்துக்கொண்டோ இருந்தால் இதயம் நின்றுவிட்டது என்று பொருள். அந்த நொடிகளில் கை, கால் வெட்டி இழுப்பதும் உண்டு. வலிப்பு என்று நினைத்து இரும்புச் சாவியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் நடுநெஞ்சில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்திக்கொண்டே இருக்கட்டும்.