பரவளையத்தைப் பார்த்தே தலைகீழியை வரையலாம்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு இருபடி வரைபடம் புதிதல்ல. y = x² − 2x − 3 என்று கேட்டால், x-க்கு −3 முதல் 5 வரை முழு எண்களைக் கொடுத்து அட்டவணை போடுவார்கள். கிடைத்த புள்ளிகளை வரைபடத் தாளில் குறித்து இணைத்தால் அழகான பரவளையம் வந்துவிடும். அதே மாணவரிடம் y = 1/(x² − 2x − 3) என்பதை வரையச் சொன்னால் கை பழக்கத்தில் அதே அட்டவணையைத்தான் நாடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அட்டவணையை நிரப்பிப் பார்க்கலாம். x-க்கு −3, −2, 0, 1, 2, 4, 5 என்று கொடுத்தால் y-க்கு முறையே 1/12, 1/5, −1/3, −1/4, −1/3, 1/5, 1/12 கிடைக்கின்றன. x = −1, x = 3 ஆகிய இரண்டு இடங்களில் மட்டும் பூச்சியத்தால் வகுக்க வேண்டியிருப்பதால் விடை இல்லை. கிடைத்த ஏழு புள்ளிகளும் x அச்சிலிருந்து 1/3-க்கு மேல் விலகவில்லை. விடை இல்லாத இரண்டு இடங்களையும் கண்டுகொள்ளாமல் புள்ளிகளை இணைத்தால், அச்சை ஒட்டி லேசாக ஏறி இறங்கும் ஒரு நெளிகோடு வரும். உண்மையான வரைபடமோ அந்த இரண்டு இடங்களின் அருகே எல்லையின்றி மேலும் கீழும் பாய்கிறது. ஒவ்வொரு புள்ளியும் சரிதான். இணைத்து வந்த படம்தான் முழுக்கத் தவறு.

இதற்கு அட்டவணையே வேண்டாம். பரவளையத்தை முதலில் வரைந்துவிட்டால், தலைகீழியின் வரைபடத்தை அதிலிருந்தே படித்து எடுக்கலாம். அதற்குத் தேவையானவை ஓர் எண்ணுக்கும் அதன் தலைகீழிக்கும் உள்ள சில எளிய உறவுகள். மிகை எண்ணின் தலைகீழி மிகை, குறை எண்ணின் தலைகீழி குறை. அதாவது குறி மாறுவதில்லை. பெரிய எண்ணின் தலைகீழி சிறியது, பூச்சியத்துக்கு அருகில் இருக்கும் எண்ணின் தலைகீழி பெரியது. 1, −1 ஆகிய இரண்டும் தலைகீழாக்கினாலும் அப்படியே இருக்கின்றன. பூச்சியத்துக்குத் தலைகீழியே கிடையாது.

இனி படத்துக்கு வருவோம். x² − 2x − 3 என்பதைக் காரணிப்படுத்தினால் (x + 1)(x − 3). ஆகவே பரவளையம் x அச்சை −1-லும் 3-லும் வெட்டுகிறது. இவைதான் அதன் பூச்சியங்கள். அந்த இரண்டு இடங்களிலும் செங்குத்தாக ஒரு புள்ளிக்கோடு போட வேண்டும். தலைகீழியின் வளைவு இந்தக் கோடுகளை நெருங்கிக்கொண்டே போகும், ஒருபோதும் தொடாது. பாடப்புத்தகங்கள் இவற்றைத் தொலைத்தொடுகோடுகள் என்கின்றன. இவை தாளை மூன்று பட்டைகளாகப் பிரிக்கின்றன. வளைவும் மூன்று தனித் துண்டுகளாகத்தான் இருக்கும்.

அடுத்து, ஒவ்வொரு துண்டும் அச்சுக்கு மேலா, கீழா? பரவளையமே சொல்லிவிடும். −1-க்கு இடப்புறமும் 3-க்கு வலப்புறமும் அது அச்சுக்கு மேலே இருக்கிறது. எனவே தலைகீழியும் மேலே. நடுப்பட்டையில் பரவளையம் கீழே இருப்பதால் தலைகீழியும் கீழே. x = 3-ஐ நெருங்கிப் பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும். x = 2.99 என்றால் பரவளையத்தின் மதிப்பு −0.0399, தலைகீழி ஏறத்தாழ −25. x = 3.01 என்றால் மதிப்பு 0.0401, தலைகீழி ஏறத்தாழ 25. பரவளையம் அச்சை அமைதியாகக் கடக்கும் இடத்தில் தலைகீழி பாதாளத்திலிருந்து உச்சிக்குத் தாவிவிடுகிறது.

வெளிப்பட்டைகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. x பெரிதாகப் பெரிதாகப் பரவளையம் விரைந்து உயர்கிறது. x = 11-இல் அதன் மதிப்பு 96; தலைகீழி 0.01-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. ஆகவே இருபுறமும் வளைவு x அச்சை மேலிருந்து நெருங்கித் தணிகிறது. அதை வெட்டுவதே இல்லை, ஏனென்றால் 1-ஐ எந்த எண்ணால் வகுத்தாலும் பூச்சியம் வராது.

மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது நடுத்துண்டில்தான். பரவளையம் அங்கே பள்ளமாக இருப்பதால் தலைகீழியையும் பள்ளமாக வரைந்துவிடுகிறார்கள். பரவளையத்தின் முனை (1, −4). நடுப்பட்டையில் அது அச்சிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் புள்ளி அதுவே. மிகத் தொலைவில் இருப்பதன் தலைகீழி அச்சுக்கு மிக அருகில் வர வேண்டும். எனவே (1, −1/4) என்பது நடுத்துண்டின் மிக உயர்ந்த புள்ளி. அங்கிருந்து வளைவு இருபுறமும் முதலில் மெல்லவும் பிறகு செங்குத்தாகவும் கீழே இறங்குகிறது. x = 2-இல் −1/3, x = 2.5-இல் ஏறத்தாழ −0.57, x = 2.9-இல் ஏறத்தாழ −2.56. பள்ளம் குன்றாக மாறிவிட்டது. ஆனால் அந்தக் குன்று முழுவதும் அச்சுக்குக் கீழேயே இருக்கிறது.

எல்லா இருபடிக்கும் இரண்டு பூச்சியங்கள் இருப்பதில்லை. அப்போது என்ன ஆகும் என்பதைப் பார்க்க, கடைசி எண்ணை மட்டும் மாற்றி, இதே பரவளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கலாம். x² − 2x + 0.99 என்றால் பூச்சியங்கள் 0.9, 1.1; முனை அச்சுக்கு 0.01 அளவே கீழே. நடுப்பட்டை 0.2 அகலத்துக்குச் சுருங்கிவிட, அதில் உள்ள குன்றின் உச்சியே −100-க்குப் போய்விடுகிறது.

x² − 2x + 1 ஆக்கினால் அது (x − 1)². பரவளையம் அச்சைத் தொட்டுவிட்டு மேலேயே திரும்புகிறது. நடுப்பட்டை மறைந்து, x = 1-இல் ஒரே ஒரு தொலைத்தொடுகோடு மிஞ்சுகிறது. குறி மாறாததால், தலைகீழி அதன் இருபுறமும் மேல்நோக்கியே பாய்கிறது.

இன்னும் 0.01 தூக்கினால் பூச்சியமே இல்லை. தொலைத்தொடுகோடு காணாமல் போய், வளைவு ஒரே துண்டாகிவிடுகிறது. ஆனால் அதன் உச்சி 100 உயரத்தில் ஊசிபோல் நிற்கும். x² − 2x + 5 வரை தூக்கினால் ஊசி தணிந்து, (1, 1/4)-ஐ உச்சியாகக் கொண்ட அகலமான மேடாகிறது.

இந்த மேட்டு வடிவத்துக்குக் கணித வரலாற்றில் நெடிய இடம் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா இதை ஆராய்ந்தார். மிலானைச் சேர்ந்த மரியா அக்னேசி, இத்தாலிய இளைஞர்களுக்காக எழுதி 1748-இல் வெளியிட்ட கணித நூலில் இதை விளக்கினார். இன்றும் இந்த வளைவு அவர் பெயரால்தான் அறியப்படுகிறது. அதன் எளிய வடிவம் y = 1/(x² + 1). இரு பக்கமும் முடிவின்றி நீண்டாலும், அதற்கும் x அச்சுக்கும் இடைப்பட்ட மொத்தப் பரப்பு சரியாக π.

வரைந்தது சரியா என்று சோதிக்க, இரண்டு வளைவுகளையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்தால் போதும். மதிப்பு 1 அல்லது −1 ஆகும் இடங்களில் மட்டுமே அவை சந்திக்க வேண்டும். முதல் எடுத்துக்காட்டில் அப்படி நான்கு இடங்கள்: x ஏறத்தாழ −1.24, −0.73, 2.73, 3.24. வேறெங்காவது வெட்டினால் கோட்டை அழித்து மீண்டும் வரைய வேண்டியதுதான். x² − 2x + 5-இலோ சந்திப்பே கூடாது. பரவளையம் 4-க்குக் கீழே இறங்குவதில்லை, அதன் தலைகீழி 1/4-க்கு மேலே ஏறுவதில்லை.