முதலீட்டாளர்களுக்கு மாதம் ஒரு கடிதம்

ஸ்டார்ட்அப் நிறுவனங்கள் தங்களிடம் பணம் போட்டவர்களுக்கு மாதாமாதம் எழுதும் கடிதம் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். அந்த மாத எண்கள், நடந்த நல்லது, எழுந்த சிக்கல், கேட்க வேண்டிய உதவி என்று நான்கே பகுதிகள். முதலீட்டு ஒப்பந்தங்களில் பொதுவாகவே தகவல் பெறும் உரிமை என்ற பிரிவு உண்டு. நிறுவனம் எந்தக் கணக்குகளை எத்தனை நாளைக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் அந்தப் பிரிவின்படி அனுப்பும் வரவு செலவு அட்டவணை நடந்து முடிந்ததை மட்டுமே காட்டும். அடுத்த மூன்று மாதத்தில் என்ன வரப்போகிறது என்பதை நிறுவனர் தன் வாயால் சொல்லும் இடம் இந்தக் கடிதம்தான்.

எழுதும் முறையை ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துப் பார்க்கலாம். கோயம்புத்தூரில் நூல் மில்களுக்கு மென்பொருள் விற்கும் பன்னிரண்டு பேர் கொண்ட நிறுவனம் அது. மில்லில் ஓடும் ஒவ்வொரு மோட்டாரும் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை ஒரு கருவி அளக்கிறது. வழக்கத்தைவிட அதிகம் இழுக்கும் மோட்டார் எது என்று மில்லின் எலெக்ட்ரீஷியனுக்குக் கைபேசியில் தகவல் போகிறது. ஒரு மில்லுக்கு மாதக் கட்டணம் 6,000 ரூபாய். ஒன்பது ஏஞ்சல் முதலீட்டாளர்கள் இதில் பணம் போட்டிருக்கிறார்கள். அக்டோபர் மாதக் கடிதத்தை நவம்பர் முதல் வாரத்தில் அவர்களுக்கு எழுத வேண்டும்.

முதல் எண் கையிருப்பு. அக்டோபர் 31 அன்று வங்கிக் கணக்கில் 54 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் இருக்கிறது. இதை அப்படியே எழுதினால் தவறாகிவிடும். மில்கள் கட்டிய தொகையில் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்திருக்கிறது. நிறுவனம் தன் கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொண்ட பிறகும், நவம்பர் 20-ஆம் தேதிக்குள் அரசுக்குச் செலுத்த 60 ஆயிரம் ரூபாய் மிஞ்சுகிறது. அது நிறுவனத்தின் பணமே இல்லை. ஆகவே கடிதத்தில் வர வேண்டிய கையிருப்பு 54 லட்சம். ஊழியர் சம்பளத்தில் பிடித்து இன்னும் கட்டாமல் இருக்கும் டி.டி.எஸ்., பி.எஃப். தொகைகள் இருந்தால் அவற்றையும் இப்படியே கழித்துவிட வேண்டும்.

அடுத்தது, இந்தப் பணம் எத்தனை மாதத்துக்கு வரும் என்பது. முதலீட்டாளர்கள் இதை ரன்வே என்பார்கள். மாதச் செலவிலிருந்து மாத வரவைக் கழித்தால் கிடைக்கும் பற்றாக்குறையால் கையிருப்பை வகுக்க வேண்டும். அக்டோபரில் செலவு 9 லட்சம், வரி நீங்கலான வரவு 4 லட்சத்து 40 ஆயிரம். பற்றாக்குறை 4 லட்சத்து 60 ஆயிரம். 54 லட்சத்தை அதனால் வகுத்தால் ஏறக்குறைய பன்னிரண்டு மாதம் வருகிறது. இந்தக் கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை எதுவும் இல்லை, ஆனாலும் இதை நம்பி ஒரு முடிவும் எடுக்க முடியாது. அந்த மாதம் மூன்று மில்கள் ஓராண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டியிருந்தன. அந்த மில்களிலிருந்து அடுத்த பதினொரு மாதங்களுக்கு ஒரு ரூபாயும் வராது. ஆகஸ்டில் பற்றாக்குறை 6 லட்சத்து 50 ஆயிரம், செப்டம்பரில் 6 லட்சத்து 90 ஆயிரம். மூன்று மாத சராசரி 6 லட்சம். அந்தக் கணக்குப்படி பணம் ஒன்பது மாதம்தான் வரும், அதாவது அடுத்த ஜூலை முடிவு வரை.

பன்னிரண்டுக்கும் ஒன்பதுக்கும் உள்ள இந்த வேறுபாடு ஒரு நிறுவனத்தின் உயிரையே தீர்மானிக்கக்கூடியது. புதிய முதலீடு திரட்ட நாள் பிடிக்கும். ஆளைத் தேட வேண்டும்; அவர்கள் கணக்குகளையும் ஒப்பந்தங்களையும் சரிபார்க்க வேண்டும்; பங்கின் மதிப்பை நிர்ணயித்து அறிக்கை வாங்க வேண்டும்; பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். பணம் வந்த பிறகும் உடனே எடுத்துச் செலவழிக்க முடியாது. தனிப்பட்ட முறையில் பங்கு வழங்கித் திரட்டும் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். பங்குகளை ஒதுக்கி, அதற்கான படிவத்தை நிறுவனப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் வரை அதைத் தொடக் கூடாது என்கிறது 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 42-ஆம் பிரிவு. இத்தனைக்கும் சேர்த்து ஆறு மாதம் என்று வைத்துக்கொண்டால், ஒன்பது மாதப் பணம் உள்ள நிறுவனம் ஜனவரி முடிவதற்குள் வேலையைத் தொடங்கியாக வேண்டும். பன்னிரண்டு என்று நம்புகிற நிறுவனமோ ஏப்ரல் வரை நிம்மதியாக இருந்துவிடும்.

வருமானத்தைச் சொல்வதிலும் இதே கவனம் வேண்டும். செப்டம்பர் முடிவில் 40 மில்கள் வாடிக்கையாளர்களாக இருந்தன. அக்டோபர் முடிவில் 42. மாதச் சந்தா வருமானம் 2 லட்சத்து 40 ஆயிரத்திலிருந்து 2 லட்சத்து 52 ஆயிரமாக ஏறியிருக்கிறது. ஐந்து சதவீத வளர்ச்சி என்று ஒரே வரியில் எழுதி முடிக்கலாம். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். நடந்ததோ வேறு. ஐந்து மில்கள் புதிதாகச் சேர்ந்தன, மூன்று மில்கள் விலகின. 40-இல் 3 என்பது ஒரே மாதத்தில் ஏழரை சதவீதம். இதே வேகத்தில் விலகல் தொடர்ந்தால், செப்டம்பரில் இருந்த 40 மில்களில் ஓராண்டு கழித்து ஏறக்குறைய 16 மட்டுமே மிஞ்சும். விற்பனைக்காரர்கள் கொண்டுவரும் புது மில்களில் பாதிக்கு மேல் பழைய இடத்தை நிரப்பவே போய்விடுகிறது. சேர்ந்தது, விலகியது, மிச்சம் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதினால்தான் படிப்பவருக்கு இது தெரியவரும்.

அமெரிக்காவில் 2005-இல் ஒய் காம்பினேட்டர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் கிரகாம் 2015-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கேள்வியை வைத்தார். செலவு இன்றுள்ளபடியே நின்று, வருமானம் அண்மைக் கால வேகத்திலேயே வளர்ந்தால், கையிருப்பு தீருமுன் நிறுவனம் சொந்தக் காலில் நிற்குமா? மில் மென்பொருள் நிறுவனத்துக்கு விடை கசப்பானது. மாதம் ஐந்து சதவீத வளர்ச்சியில் சந்தா வருமானம் 9 லட்சத்தைத் தொட 26 மாதத்துக்கு மேல் ஆகும். கையிருப்போ பத்தாவது மாதத்திலேயே தீர்ந்துவிடுகிறது. இந்த இரண்டு எண்களும் கடிதத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். கூடவே, ஒவ்வொரு மாதமும் அதே எண்களை, அதே வரிசையில், அதே கணக்கு முறையில் தர வேண்டும். வருமானம் சரிந்த மாதத்தில் அதை விட்டுவிட்டு, செயலியைத் தரவிறக்கியவர்கள் எண்ணிக்கையை மேலே கொண்டுவந்தால், அனுபவமுள்ள முதலீட்டாளர் போன மாதக் கடிதத்தைத் திறந்து ஒப்பிட்டுவிடுவார்.

நல்ல செய்திக்கு இரண்டு மூன்று வரி போதும். ‘ஒரு பெரிய மில் மிகுந்த ஆர்வம் காட்டுகிறது’ என்பதை இந்தப் பகுதியில் எழுதக் கூடாது. மூன்று மில்கள் ஓராண்டுப் பணத்தை முன்கூட்டியே கட்டின என்பதை எழுதலாம், ஏனென்றால் அவை குறைந்தது ஓராண்டாவது இருக்கப்போகின்றன. அந்த மூன்றுமே 25,000 ஸ்பிண்டிலுக்கு மேல் உள்ள மில்கள் என்பதையும் சேர்த்தால் செய்திக்கு இன்னும் கனம் கூடுகிறது.

ஏனென்றால் சிக்கலின் வேரும் அங்கேதான் இருக்கிறது. விலகிய மூன்றும் சிறிய மில்கள். மென்பொருளில் கோளாறு இல்லை. இரவு ஷிஃப்டில் எலெக்ட்ரீஷியன் இல்லாததால் கைபேசிக்கு வந்த எச்சரிக்கையைப் பார்த்து மோட்டாரைக் கவனிக்க ஆளில்லை. மின்கட்டணம் குறையவில்லை, சந்தாவை நிறுத்திவிட்டார்கள். சிக்கலை எழுதும்போது என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று நினைக்கிறோம், என்ன செய்கிறோம், அது பலித்ததா என்று எப்போது தெரியும் என்ற நான்கையும் சொல்லியாக வேண்டும். இங்கே அது இப்படி வரலாம்: சிறிய மில்களுக்கு விற்பதை நிறுத்திவிட்டோம், ஏற்கெனவே உள்ள பதினொரு சிறிய மில்களுக்கு இரவில் எங்கள் ஊழியரே தொலைபேசியில் கூப்பிடுகிறார், டிசம்பர் முடிவில் அந்தப் பதினொன்றில் எத்தனை மிஞ்சுகின்றன என்பதை எழுதுவோம். காரணம் பிடிபடவில்லை என்றால் பிடிபடவில்லை என்றே எழுதலாம். முன்பு இதே மாதிரி சிக்கலைப் பார்த்த ஒருவர் அந்த ஒன்பது பேரில் இருக்கக்கூடும்.

கடிதம் எந்த நிலையில் முறிந்துபோகிறது என்பது முதலீட்டாளர்களுக்குப் பழக்கமான ஒன்று. விற்பனை நன்றாக இருக்கும்வரை முதல் வாரத்தில் வந்துவிடும். பிறகு இருபதாம் தேதி வரும். பிறகு இரண்டு மாதத்துக்குச் சேர்த்து ஒன்று வரும். அதன்பின் நிற்கும். கடைசியில் ஆறு வாரச் சம்பளத்துக்கு மட்டுமே பணம் இருக்கும்போது அவசரமாக ஒரு தொலைபேசி அழைப்பு வரும். அந்த நிலையில் யாரும் உதவ முடியாது. ஒன்பது மாதம் இருக்கும்போது சொல்லியிருந்தால் செலவைக் குறைக்கவோ ஆளைத் தேடவோ அவகாசம் இருந்திருக்கும். ஆகவே தேதியை முன்கூட்டியே முடிவுசெய்து, எண்கள் எப்படி இருந்தாலும் அதே தேதியில் அனுப்புவதுதான் சரி.

மிஞ்சியிருப்பது கோரிக்கை. ‘தெரிந்தவர்களிடம் அறிமுகப்படுத்துங்கள்’ என்று முடித்தால் ஒன்பது பேரும் படிப்பார்கள், ஒருவரும் நகர மாட்டார்கள். யாரை, எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது. வேறு யாராவது செய்வார்கள் என்ற எண்ணமும் இருக்கும். ஐந்து கோரிக்கைகளை அடுக்கினாலும் அதே கதிதான். ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அது மேலே சொன்ன சிக்கலிலிருந்து பிறந்ததாக இருக்க வேண்டும். பெரிய மில்கள் நிலைக்கின்றன, சிறியவை விலகுகின்றன. ஆகவே தேவை பெரிய மில்கள். கோரிக்கையை இப்படி எழுதலாம்:

“திண்டுக்கல், ராஜபாளையம் பகுதியில் 25,000 ஸ்பிண்டிலுக்கு மேல் உள்ள மில்களில் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பொறுப்பில் இருப்பவர் இரண்டு பேரிடம் நவம்பர் 20-க்குள் பேச வேண்டும். அப்படி ஒருவரை உங்களுக்குத் தெரிந்தால் கீழே உள்ள நான்கு வரிச் செய்தியை அப்படியே அவருக்கு அனுப்புங்கள்.”

அந்த நான்கு வரிகளில் நிறுவனம் செய்யும் வேலை, ஒரு மில்லில் கிடைத்த பலன், பேசத் தேவைப்படும் நேரம், நிறுவனரின் தொலைபேசி எண் ஆகியவை இருந்தால் முதலீட்டாளர் எதையும் யோசித்து எழுத வேண்டியதில்லை. விலகிய மில்களின் பெயரைக் கடிதத்தில் எங்கும் எழுதாமல் இருப்பது நல்லது. இத்தகைய கடிதங்கள் கை மாறிக்கொண்டே போகும், மில்காரர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒன்பது பேரில் ஒருவருக்கு நூல் வியாபாரத்தில் தொடர்பு உண்டு என்று தெரிந்தால், பொதுக் கடிதம் போன மறுநாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டும்.

டிசம்பர் கடிதத்தில், எண்களுக்கு முன்பாகவே, கேட்ட உதவி என்ன ஆயிற்று என்று எழுத வேண்டும்: யார் அறிமுகம் செய்தார், யாரிடம் பேசியாயிற்று, அவர் கருவியைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தாரா இல்லையா. ஒருவரும் கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதி, கோரிக்கையை இன்னும் குறுக்கி, இந்த முறை ஊரையும் மில்லையும் பெயர் சொல்லியே கேட்கலாம்.