அரைத்து வாங்கிய தூளுக்கு எந்த பாஸ்கெட்?

வீட்டு எஸ்பிரெசோ மெஷினின் கைப்பிடிக்குள் காபித்தூள் போடுகிற ஸ்டீல் கிண்ணம் ஒன்று உட்காரும். அதற்கு பாஸ்கெட் என்று பெயர். அதைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடித்தட்டு முழுவதும் ஊசி குத்தியதுபோல நூற்றுக்கணக்கான வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அது சாதா பாஸ்கெட். உள்ளே அத்தனை துளைகள் இருந்தும், திருப்பிப் பார்த்தால் வெளிப்பக்கம் நடுவில் ஒரே ஒரு பொடித் துளைதான் இருக்கிறது என்றால் அது பிரஷரைஸ்டு பாஸ்கெட். அதற்கு அடித்தட்டு இரண்டு. உள்தட்டின் துளைகள் வழியே இறங்கும் காபி எல்லாம் இரண்டு தட்டுக்கும் நடுவில் சேர்ந்து, அந்த ஒற்றைத் துளை வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

குறைந்த விலை மெஷின்கள் பலவற்றோடு இந்த இரண்டாவது வகை மட்டும்தான் வரும். கொஞ்சம் கூடுதல் விலையில் இரண்டும் சேர்ந்து வரும். காபி விஷயம் அறிந்தவர்களிடம் கேட்டால், பிரஷரைஸ்டு பாஸ்கெட்டைத் தூக்கிப் போடு, அது கத்துக்குட்டிகளுக்கானது என்பார்கள். தூளைக் கடையில் அரைத்து வாங்குகிறவர் அந்தப் பேச்சைக் கேட்டுச் செய்தால் காபி கெட்டுத்தான் போகும். என் வீட்டில் அப்படித்தான் ஆயிற்று.

எஸ்பிரெசோவில் தண்ணீரை ஏறக்குறைய 9 பார் அழுத்தத்தில் தூளுக்குள் தள்ளி, 25 முதல் 30 விநாடிக்குள் சாற்றை எடுக்கிறோம். பம்பு தள்ளினால் மட்டும் அழுத்தம் வந்துவிடாது. எதிரில் ஏதாவது தடுக்க வேண்டும். குழாயைத் திறந்து வாயில் விரல் வைத்தால்தானே தண்ணீர் பீய்ச்சுகிறது! சாதா பாஸ்கெட்டில் அந்த விரலின் வேலையைத் தூளே செய்கிறது. அதனால் அது மிக நைஸாக இருக்க வேண்டும், ஒரே சீராக இருக்க வேண்டும், அரைத்த சூட்டோடு போட வேண்டும். பிரஷரைஸ்டு பாஸ்கெட்டில் தடுப்பது அந்த ஒற்றைத் துளை. தூள் எப்படி இருந்தாலும் தண்ணீர் அந்தத் துளை விடுகிற வேகத்தில்தான் இறங்கும்.

எங்கள் தெருமுனைக் காபிக்கடையில் சிக்கரி சேர்க்காமல், பில்டருக்கு அரைக்கிற பதத்தில் வாங்கிய தூள். தராசில் வைத்து 14 கிராம் எடுத்து சாதா பாஸ்கெட்டில் போட்டு நன்றாக அழுத்தினேன். ஸ்விட்சைப் போட்ட மூன்றாவது விநாடியே கொட்ட ஆரம்பித்தது. எட்டு விநாடியில் 40 கிராம். நிறம் லைட் டீயைப் போல. வாயில் வைத்தால் முதலில் புளிப்பு, பிறகு வெறும் சுடுதண்ணீர். அடுத்த முறை உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினேன். பத்து விநாடி வந்தது. தூளைக் கூட்டிப் போட்டால் மெஷினின் சல்லடையில் போய் முட்டுகிறது. கரகரப்பாக அரைத்த தூளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியை எவ்வளவு அழுத்தினாலும் அடைக்க முடியாது. அதைச் சரிசெய்யும் வழி இன்னும் நைஸாக அரைப்பது ஒன்றுதான். கையில் இருப்பதோ ஏற்கெனவே அரைத்த தூள்.

அதே தூள், அதே 14 கிராம், பிரஷரைஸ்டு பாஸ்கெட்டில்: 26 விநாடியில் 30 கிராம். நிறம் கருத்திருந்தது, புளிப்பு அடங்கியிருந்தது, கசப்பும் மணமும் வந்திருந்தன. பால் ஊற்றினால் தாங்குகிற காபி.

இதற்குக் காரணம் இரண்டு. தண்ணீர் தூளோடு மூன்று மடங்கு நேரம் இருந்தது, இது வெளிப்படை. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. அழுத்தம் முழுவதும் இறங்குவது அந்தத் துளையில்தான். தூளுக்கு மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே அழுத்தம். அதனால் தண்ணீர் தூளைப் பிளந்துகொண்டு ஒரு பக்கமாக ஓடுவதில்லை. சாதா பாஸ்கெட்டில் தூளைக் கொஞ்சம் கோணலாக அழுத்தினாலும் அந்த ஓட்டை விழும். பாதித் தூள் ஊறாமலே நிற்கும்.

ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம்: மேலே நிற்கிற நுரையை. எஸ்பிரெசோவின் கிரீமா, கொட்டைக்குள் வறுக்கும்போது உண்டான கரியமில வாயு அழுத்தத்தில் கரைந்து, வெளியே வந்ததும் நுண்குமிழியாகப் பொங்குவது. அரைத்த தூளில் அந்த வாயு சீக்கிரமே பறந்துவிடும். பிரஷரைஸ்டு பாஸ்கெட்டின் நுரையில் பெரும்பகுதி, காபி துளை வழியே பீய்ச்சும்போது காற்றோடு அடிபட்டு வருவது; டீக்கடையில் ஆற்றினால் வருகிற நுரைக்குச் சொந்தம். ஆறு மாதப் பழைய தூளுக்கும் அது வரும். எனவே தூள் நன்றாக இருக்கிறதா என்று மூக்கைக் கேளுங்கள். காபி எப்போது போதும் என்று தராசைக் கேளுங்கள். 14 கிராமுக்கு 30 கிராம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். கப் நிறையட்டும் என்று விட்டால் பிற்பாதியில் இறங்குவது வெறும் கசப்பு.

எந்தத் தூள் வாங்குவது? விரலிடுக்கில் தேய்த்தால் தூள் உப்பைப் போல நெருடும் பதம் இதற்குப் பொருந்தும். மைதா போல வழுக்குகிற தூள் இந்த பாஸ்கெட்டுக்கு ஆகாது. தூளும் தடுத்து, துளையும் தடுத்து, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். கையால் லேசாக அழுத்திச் சமப்படுத்தினால் போதும். சிக்கரி கலந்த பில்டர் தூளைத் தவிர்ப்பது நல்லது. சிக்கரி தண்ணீர் பட்டதும் கொழகொழவென்று ஆகி அடைத்துக்கொள்ளும். பித்தளை பில்டரில் டிகாக்‌ஷன் மெதுவாக இறங்க உதவுகிற அதே குணம் இங்கே தொல்லை. கடையில் "சிக்கரி வேண்டாம், ப்யூர் காபி" என்று கேட்டு, நூறு கிராமாக வாங்குங்கள்.

அடைத்துக்கொண்டதை எப்படித் தெரிந்துகொள்வது? பம்பின் சத்தம் கனத்து முனகும். கப்பில் சொட்டு விழாது. கைப்பிடியின் ஓரத்தில் காபி கசியும். அப்போது ஸ்விட்சை அணைத்துவிட்டு, கைப்பிடியை உடனே திருகிவிடாதீர்கள். உள்ளே அழுத்தம் அடங்காமல் இருக்கும்; திறந்தால் கொதிக்கிற காபி முகத்தில் தெறிக்கும். சில நிமிடம் பொறுத்து, மெல்லத் திருப்பிக் கழற்ற வேண்டும். பிறகு பாஸ்கெட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, வெளித்துளையில் மெல்லிய ஊசியை விட்டு எடுக்கலாம். சில மெஷின்களோடு அதற்கென்றே ஒரு ஊசி வரும்.

அடைக்காவிட்டாலும் தினமும் கழுவ வேண்டும். இரண்டு தட்டுக்கும் நடுவில் விரலோ நாரோ நுழையாது. அங்கே தங்குகிற காபி எண்ணெய் நாலு நாளில் சிக்கு வாடை அடிக்கும், அது அடுத்த கப்பில் ஏறும். காபி எடுத்த கையோடு சக்கையைத் தட்டிவிட்டு, வெறும் பாஸ்கெட்டை மாட்டி ஒரு முறை சுடுதண்ணீர் ஓடவிட்டால் தீர்ந்தது.

சாதா பாஸ்கெட் கையில் இருந்தால் பத்திரமாக வையுங்கள். நைஸாகவும் பதத்தை நூல் நூலாக மாற்றியும் அரைக்கக்கூடிய கிரைண்டர் ஒன்று வீட்டுக்கு வருகிற நாளில் அது வேண்டும். 25 விநாடிக்கு முன்பே ஓடினால் ஒரு படி நைஸாக, சொட்டினால் ஒரு படி கரகரப்பாக என்று அப்போதுதான் திருத்த முடியும். பாலில்லாமல் குடிக்கிறவருக்கு, பிரஷரைஸ்டு பாஸ்கெட்டில் எவ்வளவு முயன்றும் வராத அடர்த்தி அதில் வரும்.