கூடுதல் பணத்தை யார் கையில் வைத்திருப்பது?

சந்தைக்குத் தக்காளி வரத்து கூடினால் விலை இறங்கும். அதுபோல நாட்டில் பணம் கூடினால் வட்டி இறங்கும் என்று சொல்லிவிடலாம். முடிவு பெரும்பாலும் சரிதான், ஆனால் விளக்கம் போதாது. தக்காளியைச் சமைத்துத் தீர்த்துவிடுவோம். பணம் தீர்வதில்லை. நான் மளிகைக் கடையில் கொடுத்தால் கடைக்காரர் கைக்குப் போகிறது, அவர் வங்கியில் போட்டால் அவர் கணக்கில் நிற்கிறது. மைய வங்கி 250 கோடி ரூபாயைப் புதிதாக வெளியே விட்டால், அன்று மாலை அந்த 250 கோடியும் யாராவது சிலருடைய பெட்டியிலோ கணக்கிலோ இருந்தே தீர வேண்டும். நேற்று வரை அவரவருக்கு வேண்டிய அளவு ரொக்கம் அவரவரிடம் இருந்தது. இன்று மட்டும் ஏன் கூடுதலாக வைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறார்கள்?

ஜான் மேனார்டு கீன்ஸ் 1936-ல் வெளியிட்ட 'பொதுக் கோட்பாடு' நூலில் வட்டியை இந்தப் பக்கத்திலிருந்துதான் பார்த்தார். சேமிப்பதற்குக் கிடைக்கும் பரிசு வட்டி என்பது அதுவரை இருந்த பொதுவான எண்ணம். ஒருவர் ஆண்டெல்லாம் சேமித்துத் தலையணைக்கு அடியில் வைத்தால் அவருக்கு ஒரு பைசா வட்டி வராதே என்றார் கீன்ஸ். அவர் பார்வையில், நினைத்த நேரத்தில் செலவழிக்கக் கூடிய ரொக்கத்தைக் கைவிட்டு வேறொருவரிடம் ஒப்படைப்பதற்கான கூலிதான் வட்டி. நம் கல்லூரிப் பாடநூல்கள் இதை ரொக்க இருப்பு விருப்பக் கோட்பாடு என்கின்றன.

ரொக்கத்தை ஏன் விரும்புகிறோம் என்பதற்குக் கீன்ஸ் மூன்று நோக்கங்களைச் சொன்னார். அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்கு வேண்டும். திடீர்ச் செலவுக்கு என்று கொஞ்சம் வேண்டும். இவை இரண்டும் பெரும்பாலும் வருமானத்தைப் பொறுத்தவை. வட்டி கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அரிசி வாங்கும் பணம் மாறுவதில்லை. மூன்றாவதுதான் சுவாரஸ்யமானது. பத்திரத்தில் போடலாமா, கொஞ்சம் பொறுத்திருக்கலாமா என்று காத்திருப்பவரின் ரொக்கம் அது. ஊக நோக்கம் என்று அதற்குப் பெயர்.

அதைப் புரிந்துகொள்ளப் பத்திரத்தின் விலை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். கீன்ஸ் காலத்து லண்டனில் 'கன்சோல்' என்று ஒருவகை அரசுப் பத்திரம் இருந்தது. முதலைத் திருப்பித் தர அதில் கெடு தேதி கிடையாது. ஆண்டுதோறும் வட்டி மட்டும் வந்துகொண்டிருக்கும். அதே மாதிரி, ஆண்டுக்கு 6 ரூபாய் தரும் பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சந்தையில் வட்டி 6 சதவீதம் என்றால் அதன் விலை 100 ரூபாய். வட்டி 5 சதவீதம் ஆனால் அதே 6 ரூபாய்க்கு 120 ரூபாய் கொடுக்க ஆள் இருப்பார்கள். வட்டி இறங்குவதும் பத்திர விலை ஏறுவதும் இரண்டு வேறு நிகழ்ச்சிகள் அல்ல, ஒன்றேதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். எண்கள் கற்பனை, வேலை செய்யும் விதம்தான் நமக்கு முக்கியம். ஒரு சிறு நாட்டின் ஆண்டு வருமானம் 10,000 கோடி. கொடுக்கல் வாங்கலுக்கும் அவசரத்துக்கும் மக்கள் அதில் கால் பங்கை, அதாவது 2,500 கோடியை, ரொக்கமாக வைத்திருக்கிறார்கள். ஊக நோக்கத்துக்கான ரொக்கம் வட்டியைப் பொறுத்தது: 3,000 கோடியிலிருந்து, ஒவ்வொரு சதவீத வட்டிக்கும் 250 கோடி வீதம் கழித்துக்கொள்ள வேண்டும். வட்டி 6 என்றால் 1,500 கோடி, 5 என்றால் 1,750 கோடி. நாட்டில் இருக்கும் பணம் 4,000 கோடி. எந்த வட்டியில் தேவையும் இருப்பும் பொருந்தும்? 2,500-உடன் 1,500-ஐக் கூட்டினால் 4,000. ஆகவே 6 சதவீதம்.

மைய வங்கி 250 கோடிக்குப் பத்திரங்களை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இருப்பு இப்போது 4,250 கோடி. வட்டி 6-லேயே நின்றால் மக்கள் வைத்திருக்க விரும்புவது 4,000 கோடிதான். 250 கோடி மிச்சம். மிச்சத்தைக் கையில் வைத்திருப்பவர் அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார், பத்திரம் வாங்கப் போவார். ஆனால் அவர் வாங்க வேண்டுமென்றால் இன்னொருவர் விற்க வேண்டும். விற்றவர் கைக்கு அதே ரொக்கம் வந்து சேரும். மிச்சம் கை மாறுகிறதே தவிரக் குறைவதில்லை. மாறிக்கொண்டே இருக்கும்போது பத்திரத்தின் விலை மட்டும் ஏறுகிறது.

ஏற்றம் எங்கே நிற்கும் என்பதற்கு விடை மனிதர்களின் மனக்கணக்கில் இருக்கிறது. 'இயல்பான வட்டி' இவ்வளவு என்று ஒவ்வொருவர் மனத்திலும் ஓர் எண் உண்டு. 6 தான் இயல்பு என்று நம்புகிறவர், பத்திரம் 110-க்குப் போனதும், "இது சீக்கிரம் 100-க்குத் திரும்பிவிடும், இப்போதே விற்றுவிடலாம்" என்று ரொக்கத்துக்கு மாறுவார். 5½ தான் இயல்பு என்பவர் இன்னும் கொஞ்சம் பொறுப்பார். விலை மேலே போகப் போக, ரொக்கமே பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் ஒவ்வொருவராகக் கூடுகிறார்கள். நம் கணக்கில் விலை 120-ஐத் தொடும்போது, அதாவது வட்டி 5-ஐத் தொடும்போது, ரொக்கத்தை விரும்பி வைத்திருப்பவர்களின் தொகை 2,500-ம் 1,750-மாகச் சேர்ந்து 4,250 ஆகிவிடுகிறது. பணச் சந்தை சமநிலைக்கு வந்துவிட்டது. கூடுதல் பணம் எங்கும் மறையவில்லை. அதை வைத்திருக்க ஆள் கிடைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

பாடநூல் படம் பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். கதை முடிவதில்லை. வட்டி குறைந்ததால் கடன் வாங்கித் தொழில் தொடங்குகிறார்கள், வருமானம் 10,400 கோடிக்கு உயர்கிறது என்போம். அன்றாடத் தேவைக்கு இப்போது 2,600 கோடி வேண்டும். ஊக ரொக்கத்துக்கு 1,650 கோடிதான் மிஞ்சும். அதற்குப் பொருந்தும் வட்டி 5.4 சதவீதம். முதலில் 5 வரை இறங்கிய வட்டி பாதி வழியில் திரும்பி வருகிறது. உற்பத்தி கூடாமல், பணம் கூடிய அதே விகிதத்தில் விலைவாசி மட்டும் ஏறினாலோ, எல்லாத் தொகைகளும் ஒரே அளவில் பெருகி, வட்டி பழையபடி 6-லேயே போய் நிற்கும். பணத்தைப் பெருக்கினால் வட்டி குறையும் என்ற விதி முதல் சில மாதங்களுக்குத்தான் அப்படியே செல்லும்.

வட்டியை எவ்வளவு தூரம் இறக்க முடியும்? கீன்ஸ் இதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டிருக்கிறார், எனக்கு மிகவும் பிடித்தது. கெடு தேதி இல்லாத பத்திரத்தின் வட்டி 6 சதவீதம் என்றால், அது ஓராண்டில் 6.36 ஆக ஏறினால் 100 ரூபாய்ப் பத்திரம் சுமார் 94.34-க்கு இறங்கும். கிடைத்த 6 ரூபாய் வட்டியை முதலில் ஏற்படும் நட்டம் ஏறக்குறைய முழுவதுமாக விழுங்கிவிடும். அந்த 0.36 எங்கிருந்து வந்தது? 6 சதவீதத்தில் 6 சதவீதம். வட்டி 4 என்றால் 0.16 போதும். 2½ என்றால் 0.0625, அதாவது ஒரு சதவீதத்தில் பதினாறில் ஒரு பங்கு. வட்டி தாழத் தாழ, பத்திரம் வைத்திருப்பவரைக் காக்கும் வேலி இவ்வளவு வேகமாக மெலிந்துகொண்டே போகிறது. ஒரு கட்டத்தில், வட்டி துளி ஏறினாலும் நட்டம் என்று அஞ்சிப் பெரும்பாலோர் ரொக்கத்தின் பக்கமே வந்து நின்றுவிடுவார்கள். அதன்பின் எவ்வளவு பணம் விட்டாலும் அவர்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள், வட்டி அசையாது.

இதை உயிரோடு பார்க்க இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனுக்குப் போக வேண்டும். 1932-ல் அந்த நாடு 200 கோடி பவுனுக்கு மேலான போர்க்கடனை 5 சதவீதத்திலிருந்து 3½-க்கு மாற்றி வெற்றி கண்டிருந்தது. 1945-ல் தொழிற்கட்சி அரசின் நிதியமைச்சரான ஹ்யூ டால்டன் இன்னும் கீழே, நீண்டகால வட்டியை 2½ சதவீதத்துக்கு இறக்கத் துணிந்தார். போர்க்கடன் சுமை, தேசியமயமாகும் தொழில்களுக்கான ஈட்டுத்தொகை என்று அதற்குக் காரணங்கள் இருந்தன. பணப் புழக்கம் தாராளமாகப் பெருக விடப்பட்டது. 1946 அக்டோபரில் 2½ சதவீதக் கருவூலப் பத்திரம் ஒன்று முழு விலைக்கு, 100-க்கு 100 என்று அறிவிக்கப்பட்டது. 1975-க்குப் பிறகு அரசு விரும்பினால் மட்டுமே திருப்பித் தரும். ஏறக்குறைய கன்சோல் மாதிரிதான். 'டால்டன்கள்' என்றே சந்தையில் அதற்குப் பெயர் வந்துவிட்டது.

மேலே போட்ட கணக்கின்படி, வட்டி 2½-லிருந்து 2.5625-க்கு ஏறக்கூடும் என்று நினைத்தவர்கூட அதைத் தொடாமல் இருப்பதே லாபம். லண்டன் நிதி வட்டாரத்தில் அப்படி நினைக்காதவர்கள் குறைவு. பொதுமக்கள் தயங்க, விலையைத் தாங்கிப் பிடிக்க அரசுத் துறைகளின் நிதியே வாங்க வேண்டியிருந்தது. 1947 தொடக்கத்தில் நிலக்கரித் தட்டுப்பாடு, ஜூலையில் பவுனை டாலராக மாற்றிக்கொள்ளத் திறந்துவிட்டு, ஆகஸ்டில் மூடிய நெருக்கடி. 2½ நிலைக்கும் என்ற கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போயிற்று. 1948-ல் நீண்டகால வட்டி 3 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 3 சதவீதத்தில் டால்டன் பத்திரத்தின் விலை 83 பவுன் சொச்சம்தான் வரும். 100 கொடுத்து வாங்கியவருக்கு ஏழு ஆண்டு வட்டி அந்த நட்டத்திலேயே போய்விடும். டால்டன் 1947 நவம்பரில் பதவி விலகினார், ஆனால் காரணம் இது அல்ல: வரவுசெலவுத் திட்டத்தின் விவரங்களை உரைக்குச் சற்று முன்னதாக ஒரு பத்திரிகையாளரிடம் சொல்லிவிட்டார். கீன்ஸ் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1946 ஏப்ரலிலேயே இறந்துபோனார்.

அந்தத் தோல்வியில் கவனிக்க வேண்டிய அறிகுறி ஒன்று உண்டு. பணம் கூடியது, பத்திர விலை கூடவில்லை. மக்களின் வங்கிக் கணக்குகளில் ரொக்கம் குவிந்து கிடந்தது. இருப்பும் தேக்கமும் ஒன்றாகத் தெரிந்தால், தேவைக் கோடு ஏறக்குறையத் தட்டையாகிவிட்டது என்று பொருள்.

இன்றைய மைய வங்கிகள் பெரும்பாலும் இந்தப் படத்தைத் தலைகீழாகப் படிக்கின்றன. பணத்தின் அளவை நிர்ணயித்துவிட்டு வட்டி எங்கே வருகிறது என்று அவை காத்திருப்பதில்லை. ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை முதலில் அறிவிக்கிறது. வங்கிகளுக்கிடையிலான ஒருநாள் கடனின் வட்டி அதை ஒட்டி நிற்கும் அளவுக்குப் பணத்தை விடுகிறது அல்லது உறிஞ்சுகிறது. நம் சிறு நாட்டின் மைய வங்கியும் "வட்டி 5 சதவீதம்" என்று அறிவித்திருந்தால், 250 கோடி என்ற எண்ணை அது தேர்ந்தெடுத்திருக்க வேண்டியதில்லை. அந்த வட்டியில் மக்கள் எவ்வளவு ரொக்கம் கேட்கிறார்களோ அதைக் கொடுத்துக்கொண்டே போயிருக்கும். கணக்கு தானாகவே 4,250-ல் வந்து நின்றிருக்கும்.