பூட்டிய திரையில் ஒரு வரி

மாணவர்களே, கைப்பேசி பூட்டப்பட்டிருக்கும்போது ஒரு செய்தி வந்தால், அனுப்பியவரின் பெயரும் செய்தியின் முதற்பகுதியும் மட்டுமே திரையில் தோன்றும். இதனை முன்னோட்டம் என்பர். பூட்டிய திரையில் பெரும்பாலும் ஓரிரு வரிகள் தெரியும்; கைக்கடிகாரத்தின் சிறிய திரையிலோ சில சொற்களே தெரியும். எஞ்சியவை மூன்று புள்ளிகளுக்குள் மறைந்துவிடும். வண்டி ஓட்டுபவரும் கூட்டத்தில் அமர்ந்திருப்பவரும் அந்தச் சில சொற்களைக் கண்டே முடிவெடுக்க நேரிடும். ஆகவே, நீண்ட செய்தியைச் சுருக்கும்போது எதை விடுவது என்பதோடு, எதை முதலில் வைப்பது என்பதையும் நாம் அறிய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கயல்விழியின் குடும்பம் நாகபுரியில் வாழ்கிறது. சென்னையிலிருந்து பாட்டி ரயிலில் வந்துகொண்டிருக்கிறார். பிற்பகல் 2 மணிக்கு ரயில் வந்து சேரும் என்பதால், அப்பா 1.30 மணிக்கு அலுவலகத்திலிருந்து நிலையத்திற்குப் புறப்பட எண்ணியிருக்கிறார். நண்பகலில் பாட்டியிடமிருந்து அழைப்பு வருகிறது. உடனே கயல்விழி அப்பாவுக்கு எழுதுகிறாள்:

“வணக்கம் அப்பா. நான் கயல்விழி எழுதுகிறேன். சற்று முன்பு பாட்டி தொலைபேசியில் அழைத்தார். வழியில் தண்டவாளப் பணி நடப்பதால் ரயில் பல்லார்ஷாவுக்கு முன்பே நெடுநேரம் நின்றுவிட்டதாம். 2 மணிக்கு நாகபுரிக்கு வரவேண்டிய ரயில் 4 மணி நேரம் தாமதமாக வருமாம். ஆகையால் நீங்கள் 1.30 மணிக்கு நிலையத்திற்குப் புறப்பட வேண்டாம். 5.30 மணிக்குப் புறப்பட்டால் போதும். பாட்டி மதிய உணவு உண்டுவிட்டார்.”

இச்செய்தியில் பிழை ஏதும் இல்லை. ஆனால் கூட்டத்தில் இருக்கும் அப்பாவின் கைக்கடிகாரத்தில் தெரிவது இவ்வளவே: “வணக்கம் அப்பா. நான் கயல்விழி எழுதுகிறேன்…” அவசரம் எதுவும் இல்லை என்று கருதி அவர் கையைத் தாழ்த்திவிடுவார். பின்பு 1.30 மணிக்குப் புறப்பட்டு நான்கு மணி நேரம் நடைமேடையில் காத்திருப்பார்.

வணக்கத்தையும் பெயரையும் நீக்கிவிட்டால் மட்டும் போதுமா? போதாது. தமிழ்த் தொடரின் அமைப்பையும் நாம் கருத வேண்டும். தமிழில் எழுவாய் முதலிலும் பயனிலை இறுதியிலும் வருவதே இயல்பு. எதிர்மறையும் பயனிலையோடு சேர்ந்து இறுதியிலேயே நிற்கும். “நீங்கள் 1.30 மணிக்கு நிலையத்திற்குப் புறப்பட வேண்டாம்” என்னும் தொடரை முதலில் வைத்ததாகக் கொள்வோம். அது நடுவில் அறுபட்டால், “நீங்கள் 1.30 மணிக்கு நிலையத்திற்குப் புறப்பட…” என்று நிற்கும். ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல் மறைந்ததும் பொருள் தலைகீழாகிவிட்டது! தமிழ்ச் சொற்கள் உருபுகளும் விகுதிகளும் சேர்ந்து நீள்வதால், ஒரு வரியில் அடங்கும் சொற்களும் சிலவே. எனவே இவ்வாறு அறுபடும் வாய்ப்பு மிகுதி.

இன்னொரு தொடரையும் பாருங்கள். “ரயில் 4 மணி நேரம் தாமதமாக வரும்” என்பது “ரயில் 4 மணி…” என்று அறுபட்டால், ரயில் 4 மணிக்கு வரும் என்றே அப்பா எண்ணுவார். “2 மணிக்கு வரவேண்டிய ரயில்” என்று தொடங்கினாலோ பழைய நேரமே முதலில் கண்ணில் படும். ஆகவே எவ்வளவு தாமதம் என்பதையும் பழைய நேரத்தையும் முதலில் எழுதாமல், வந்து சேரும் புதிய நேரத்தையே எழுத வேண்டும்.

இனிச் செய்தியைத் திருத்துவோம். முதலாவதாக, இதைப் படித்தபின் அப்பா என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்வோம். அவர் 5.30 மணிக்குப் புறப்பட வேண்டும். ரயில் 6 மணிக்கு வருவதே அதற்குக் காரணம். இவ்விரண்டுமே முதன்மைச் செய்தி. இரண்டாவதாக, திரையே காட்டும் செய்தியை நீக்குவோம். கயல்விழியின் கைப்பேசியிலிருந்து வந்தால் அவள் பெயர் மேலேயே தெரியும். அம்மாவின் கைப்பேசியிலிருந்து அனுப்பினால் மட்டும், செய்தியின் முடிவில் தன் பெயரை எழுதினால் போதும்.

மூன்றாவதாக, முதன்மைச் செய்தியை நான்கைந்து சொற்கள் கொண்ட முற்றுத்தொடராக எழுதுவோம். தொடர் குறுகினால் பயனிலை விரைவில் வந்துவிடும். இங்குத் தமிழின் இயல்பே நமக்குத் துணை செய்கிறது. ‘புறப்படுங்கள்’ என்னும் ஒரே சொல்லில் ‘நீங்கள்’ என்னும் எழுவாய் தோன்றாமல் நிற்கிறது. மரியாதையும் அதன் விகுதியிலேயே அடங்கியிருக்கிறது. ‘அப்பா’ என்னும் விளியோடு அது சேர்ந்தால், செய்தி குறுகியபோதும் பணிவு குறையாது.

திருத்திய செய்தி இதோ:

“அப்பா, ரயில் 6 மணிக்குத்தான் வரும். 5.30 மணிக்குப் புறப்படுங்கள். வழியில் தண்டவாளப் பணியாம். பாட்டி நலம், மதிய உணவு உண்டுவிட்டார்.”

முதல் ஐந்து சொற்கள் மட்டும் தெரிந்தாலும் பொருள் முழுமையாக விளங்கும். ‘வரும்’ என்ற சொல் அறுபட்டாலும் “ரயில் 6 மணிக்குத்தான்…” என்பதே போதும். தாமதத்தின் காரணமும் பாட்டியின் நலமும் நீங்கிவிடவில்லை. பின்னால் இடம் மாறியுள்ளன. அவற்றை அப்பா கூட்டம் முடிந்தபின் அமைதியாகப் படிப்பார்.

அனுப்புமுன் ஓர் எளிய சோதனை செய்யலாம். முதல் ஐந்து சொற்களை விட்டு மற்றவற்றைக் கையால் மறையுங்கள். எஞ்சியது சரியான பொருளைத் தருகிறதா? பின்பு நான்கு சொற்களோடு நிறுத்திப் பாருங்கள். மூன்று சொற்களோடும் பாருங்கள். பொருள் குறைந்தால் குற்றமில்லை. பொருள் மாறினால் தொடரை மாற்றி எழுதுங்கள்.

எல்லாச் செய்திகளுக்கும் இம்முறை பொருந்தாது. பூட்டிய திரையை அருகில் இருப்பவரும் படிக்க முடியும். கடவுச்சொல், நோய் விவரம் போன்றவற்றை முதல் வரியில் எழுதலாகாது. துயரச் செய்தியையும், ஒருவர் தனியாக வண்டி ஓட்டும் வேளையில், கைக்கடிகாரத்தில் தெரியுமாறு அனுப்புதல் தகாது. அத்தகைய வேளையில் “வண்டியை நிறுத்தியதும் அழையுங்கள்” என்று மட்டும் எழுதி, மற்றவற்றை நேரில் பேசுவதே முறை.

பயிற்சி

1. “ரயில் 4 மணி நேரம் தாமதமாக வரும்” என்னும் தொடரை முதலில் எழுதுவதால் என்ன குழப்பம் நேரும்?

2. ‘வேண்டாம்’, ‘இல்லை’, ‘வராது’ ஆகிய சொற்களில் முடியும் மூன்று தொடர்களை எழுதுக. இறுதிச் சொல்லை மறைத்துப் படித்துப் பொருள் எவ்வாறு மாறுகிறது எனக் கூறுக.

3. கீழ்க்காணும் செய்தியை, முதல் ஐந்து சொற்களில் முதன்மைக் கருத்து விளங்குமாறு மாற்றி எழுதுக:
“வணக்கம் அம்மா. இன்று எங்கள் பள்ளியில் விளையாட்டு விழாவுக்கான ஒத்திகை நடைபெறுகிறது. அதனால் வழக்கமாக 2 மணிக்கு வரும் பேருந்தில் நான் வரமாட்டேன். 4 மணிக்குப் பள்ளி வாயிலுக்கு வந்து என்னை அழைத்துச் செல்லுங்கள்.”